புதுப்பிப்பு: தொட்டால் திறக்காமல் நகரும் ஐகான்

போன வாரம் நான் கேட்டது: "வாட்ஸ்அப்பைத் தொட்டால் திறக்கவில்லை, ஐகான் இடம் மாறுகிறது. போன் பழுதா?"

போனில் பழுது இல்லை. தாலுகா ஆபீசில் 30 வருடம் ரப்பர் ஸ்டாம்ப் அடித்த கை இது. முத்திரை சீராக விழ, ஒரு நொடி அழுத்திப் பிடித்துத்தான் எடுப்பேன். ஐகானையும் அப்படியே அழுத்தியிருக்கிறேன். விரல் தங்கினால் போன் அதை "நகர்த்து" என்று எடுத்துக்கொள்கிறது.

கண்டுபிடித்தது எட்டாவது படிக்கும் என் பேத்தி. "தாத்தா, கொசு உட்கார்ந்து எழுந்துபோற மாதிரி தொடுங்க" என்றாள். கால்குலேட்டரைத் திறந்து, என் பழைய சம்பளக் கணக்கைப் போடச் சொன்னாள். மூன்று நாள், சாயங்காலம் அரை மணி நேரம். ஒருமுறைகூட போனைக் கையிலிருந்து பிடுங்கவில்லை.

ஸ்கிரீன் கார்டைக் கழற்றச் சொன்னவருக்கு: கழற்றினேன். கீபோர்டின் ஓரத்து எழுத்துகள் இப்போது சரியாகப் பதிகின்றன, ஆனால் ஐகான் நகர்வது நிற்கவில்லை. Settings-இல் `Touch and hold delay` என்று தேடி `Long` வைக்கச் சொன்னவருக்கு மிக்க நன்றி, அதில்தான் நின்றது. இப்போது ஒரு மெசேஜைக் காப்பி செய்யக் கூடுதல் நேரம் பிடிக்க வேண்டியிருக்கிறது, பரவாயில்லை.

அம்மாவுக்கு ரிங் சத்தம் கேட்பதில்லை என்று எழுதியவரே, அது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை பேத்தியிடம் கேட்டுச் சொல்கிறேன்.

காலையில் விரல் வறண்டிருந்தால் மட்டும் இன்னும் இரண்டு தடவை தொட வேண்டியிருக்கிறது.