600 பை இட்லி அரிசி: பைக்கு 50 காசு குறைந்தது, கையில் என்ன நின்றது?

ஈசூன் மளிகை

சிங்கப்பூர் ஈசூனில் புளோக்குக்குக் கீழே எனக்கு ஒரு சின்ன மளிகைக்கடை. 5 கிலோ இட்லி அரிசி மாதம் 100 பை போகும். வழக்கமாக இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை 200 பை எடுப்பேன், பை 10 வெள்ளி. போன மார்ச்சில் மொத்த வியாபாரி புது விலை சொன்னார். 300 பை எடுத்தால் 9.70, 600 எடுத்தால் 9.50. எடுக்கிற அத்தனை பைக்கும் அதே விலை. பைக்கு 50 காசு, 600 பைக்கு 300 வெள்ளி மிச்சம் என்று அங்கேயே கணக்குப் போட்டு, சரி என்றுவிட்டேன்.

லாரி வந்து இறக்கும்போதுதான் இடம் போதாது என்று தெரிந்தது. என் ஸ்டோர் ரூமில் நடக்க வழி விட்டு அடுக்கினால் 300 பைதான் நிற்கும். மீதி 300 பைக்கு வெளியே கிடங்குக் கட்டடத்தில் ஒரு சின்ன அறை எடுத்தேன், மாதம் 120 வெள்ளி. அது காலியாக மூன்று மாதம் ஆனது.

ஆகஸ்டில் அடிவரிசைப் பையைத் தூக்கினேன். தரையில் மாவு போல வெள்ளைத் தூள். தையல் ஓரமாக வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. பையைப் பிரித்துக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால், பத்து அரிசிக்கு இரண்டு மூன்றில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை. அப்படி 14 பை போனது. பல வருடமாக என்னிடம் வாங்குகிற ஓர் அக்கா, பிரித்த பையைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். காசைக் கொடுத்துவிட்டேன், ஆனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போது அதே வியாபாரி மறுபடி 600 எடுக்கச் சொல்கிறார். உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? எந்தக் கணக்கை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

ஜூரோங் அண்ணாச்சி

தம்பி, வண்டு வந்தது அடுக்கின விதத்தில் உள்ள கோளாறு. சுவரோடு ஒட்டி, வெறும் தரையில் வைத்தால் அப்படித்தான் வரும். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். விலை குறைகிறபோது வாங்கிப் போடுவதுதான் வியாபாரம். 2023 ஜூலையில் இந்தியா அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது என்னிடம் ஐந்து மாதச் சரக்கு இருந்தது. எல்லாரும் அலைந்தார்கள், நான் நிம்மதியாக விற்றேன். 600 எடுத்ததில் தப்பே இல்லை.

தேக்கா பழைய கை

அண்ணாச்சி சொன்ன பலகை விஷயம் முழுக்கச் சரி. ஆனால் ஈரமும் வெக்கையும் உள்ள நம் ஊரில் அரிசி வண்டு ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை பெருகும். இரண்டு மாதத்தில் விற்றுவிட்டால் அது தலையெடுக்கும் முன்னே பை வெளியே போய்விடும். ஐந்தாவது மாதமும் கிடக்கிற பைக்குப் பலகை மட்டும் போதாது.

2023இல் நடந்தது வேறு கதை. ஜூலையில் தடை வந்தது பாஸ்மதி அல்லாத பச்சரிசிக்கு. புழுங்கலரிசிக்கு ஆகஸ்டில் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டார்கள். அண்ணாச்சிக்குக் கிடைத்த லாபம் விலை ஏறியதால் வந்தது. அது மொத்தமாக வாங்கியதற்கான தள்ளுபடியால் வந்ததில்லை. விலை இறங்கியிருந்தால் அதே ஐந்து மாதச் சரக்கு அவரைக் கடித்திருக்கும்.

இப்போது ஈசூன் தம்பியின் கணக்கு. ஆறு மாதத்தை எடுத்துக்கொள்வோம். 200 வீதம் மூன்று தடவை எடுப்பதற்குப் பதில் 600 ஒரே தடவை. விலையில் 300 வெள்ளி மிச்சம். ஒவ்வொரு தடவையும் லாரிக் கூலி, இறக்குகிற ஆள், நீங்கள் கடையை விட்டு நிற்கிற நேரம் எல்லாம் சேர்த்து 40 வெள்ளி என்று வையுங்கள். இரண்டு தடவை மிச்சம், 80. ஆக வரவு 380.

செலவில் கிடங்கு வாடகை மட்டுமே 360. வீணான 14 பை 133. அப்புறம் முடங்கிய பணம். 200 எடுத்தால் கடையில் சராசரியாக 100 பை கிடக்கும், 600 எடுத்தால் 300. கூடுதலாக 200 பை, 1,900 வெள்ளி, ஆறு மாதம் தூங்குகிறது. வருடத்துக்கு 6 விழுக்காடு வைத்தாலும் 57 வெள்ளி. மொத்தம் 550. கையை விட்டுப் போனது 170 வெள்ளி. கிடங்கிலிருந்து கடைக்குப் பையை ஏற்றி இறக்கிய உழைப்பை நான் சேர்க்கவில்லை.

பலரும் சறுக்குகிற இடம் ஒன்று இதில் இருக்கிறது. பணத்துக்குச் சராசரியைப் பார்க்கலாம், ஏனென்றால் சரக்கு விற்க விற்கப் பணம் திரும்பும். இடத்துக்குச் சராசரி பார்க்கக்கூடாது. லாரி வந்து நிற்கிற அன்றைக்கு 600 பைக்கும் இடம் வேண்டும். வாடகையும் பைக்கு இவ்வளவு என்று வராது. 301வது பை வந்த அன்றே 120 வெள்ளி முழுதாக விழும்.

கேம்பல் லேன் அக்கா

எனக்கும் இதே வேதனைதான் தம்பி. நான் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு அகல் விளக்கு பெட்டி கணக்கில் எடுத்தால் நல்ல விலை என்று ஒரு வருடம் இரண்டு மடங்கு எடுத்தேன். பண்டிகை முடிந்த மறுநாள் பாதி அப்படியே நின்றது. அடுத்த தீபாவளி வரை அந்தப் பெட்டிகளைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தேன். எடுத்துப் பார்த்தபோது அடிப்பெட்டியில் பாதி மூக்கு உடைந்த விளக்கு. அதனால் எவ்வளவு விற்கும் என்று சரியாகக் கணிக்கப் பழகுங்கள்.

தேக்கா பழைய கை

அக்கா, உங்களுக்கு நடந்தது எவ்வளவு விற்கும் என்று தெரியாததால் வந்த நட்டம். தம்பிக்கு மாதம் 100 என்று நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும் நட்டம் வந்தது, அதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

தம்பி, நடுவில் இருந்த 300ஐ நீங்கள் பார்க்கவே இல்லை. ஆறு மாதத்துக்கு இரண்டு தடவை, 9.70க்கு. விலையில் 180, ஒரு லாரி குறைவதில் 40, ஆக 220 வரவு. கூடுதலாகச் சராசரி 50 பைதான் கிடக்கும், அதற்கு வட்டி 15 வெள்ளி. வெளியே வாடகை இல்லை. 200க்கு மேல் மிச்சம். எந்தப் பையும் மூன்று மாதத்தைத் தாண்டாது.

உட்லண்ட்ஸ் கடை

பழைய கை அண்ணே, ஒரு சந்தேகம். 300 பை நிற்கிற ஸ்டோர் ரூமுக்கு வாடகையே போடாமல் விட்டுவிட்டீர்களே? என் கடையில் அந்த இடத்தில் எண்ணெய் டின் அடுக்குவேன். அரிசி அடைத்துக்கொண்டால் எண்ணெயைச் சின்னச் சின்னதாக வாங்க வேண்டும், அங்கே விலை ஏறும். இடம் ஏற்கெனவே நம்முடையது என்பதால் அது இலவசம் ஆகிவிடுமா?

தேக்கா பழைய கை

நல்ல கேள்வி. இதற்கு நான் இன்னும் ஒரே பதிலுக்கு வரவில்லை. வேறு சரக்கு அந்த இடத்துக்குக் காத்திருந்தால் அதன் லாபத்தைச் சேர்க்க வேண்டும், சும்மா கிடக்கிற இடமென்றால் வேண்டாம் என்பது என் வழக்கம். எந்த மாதம் சும்மா கிடக்கும், எந்த மாதம் நெருக்கும் என்பது தீபாவளிக்கு முன்னும் பின்னும் மாறிவிடுகிறது.

எடுக்கிற செலவும் வைத்திருக்கிற செலவும் சேர்ந்து மிகக் குறைவாக வருகிற அளவைச் சொல்ல ஒரு வாய்பாடு இருக்கிறது. அதில் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கலாம். வருடத்துக்கு 1,200 பை, ஒரு தடவை எடுக்க 40 வெள்ளி. வட்டி, இடம், வீண் எல்லாம் சேர்த்து ஒரு பையை ஒரு வருடம் வைத்திருக்க 2 வெள்ளி என்றால்:

```
√(2 × 1200 × 40 ÷ 2) ≈ 219
```

இடத்தை விட்டுவிட்டு 90 காசு என்றால்:

```
√(2 × 1200 × 40 ÷ 0.90) ≈ 327
```

தள்ளுபடி இல்லாதபோது எடுக்க வேண்டிய அளவு இது. ஒன்று 219, ஒன்று 327. 300 இரண்டுக்கும் நடுவில் வருகிறது, அதனால் தம்பியின் கடைக்கு இடத்தை எப்படிக் கணக்கிட்டாலும் முடிவு பெரிதாக மாறாது. 600 இரண்டுக்கும் எட்டாத தூரத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போனால் வெளிக் கிடங்கு வாடகையும் சேர்ந்து விழும், அதை ஈடுகட்ட 9.70க்கும் 9.50க்கும் இடையில் உள்ள 20 காசு போதாது. உங்கள் கடையில் எண்ணெய் நெருக்குகிறது என்றால் 2 வெள்ளியே குறைவாக இருக்கலாம்.

கணக்கெழுதும் தங்கை

நான் இரண்டு மூன்று சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளிக்குக் குறைவான கடைகள் பெரும்பாலும் பொருள் சேவை வரிக்குப் பதிவு செய்வதில்லை. அப்படிப்பட்ட கடை வாங்கும்போது கட்டுகிற 9 விழுக்காடு திரும்ப வராது. அதனால் முடங்குகிற பணம் பைக்கு 9.50 ஆக இருக்காது, 10.36 ஆக இருக்கும்.

2023 கடைசியில் என் கடைக்காரர் ஒருவர், வரி 8இலிருந்து 9 ஆகும் முன் வாங்கிவிடலாம் என்று நான்கு மாத அரிசி எடுத்தார். 10 வெள்ளிப் பையில் மிச்சம் 10 காசு. நான்கு மாதச் சரக்கு சராசரியாக இரண்டு மாதம் கிடக்கும், 6 விழுக்காட்டில் அதற்கு வட்டி 11 காசு. மிச்சம் அதிலேயே கரைந்தது. அவர் வங்கிக் கடனில் வாங்கியவர், அவருக்கு வட்டி இன்னும் அதிகம். சொந்தப் பணம் போடுகிறவர்கள் எத்தனை விழுக்காடு போடலாம் என்று யாராவது சொல்லுங்கள், எனக்குத் தெளிவில்லை.

ஜூரோங் அண்ணாச்சி

சொந்தப் பணத்துக்கு எதற்கம்மா வட்டி? பெட்டியில் கிடப்பது அரிசியாகக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

உட்லண்ட்ஸ் கடை

அண்ணாச்சி, போன வருடம் என் பணம் முழுக்க அரிசியில் கிடந்தபோது பருப்புக்காரருக்கு நேரத்தில் கட்ட முடியவில்லை. 30 நாள் கடன் கொடுத்தவர் அதற்குப் பிறகு ரொக்கம் கேட்டார். அதை எத்தனை விழுக்காடு என்று சொல்வது?

ஈசூன் அண்ணே, நாம் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறோம். 600ஐ ஆளுக்கு 300 பிரித்து எடுக்கலாமா? 9.50 கிடைக்கும், உங்கள் ஸ்டோர் ரூமும் தாங்கும். லாரி இரண்டு இடத்தில் இறக்கினால் கூலி யார் தருவது என்று பேச வேண்டும்.

ஈசூன் மளிகை

எல்லாருக்கும் நன்றி. நேற்று வியாபாரியிடம் பேசினேன். 600க்கு ஒப்புக்கொள்கிறேன், இன்று 300, மூன்று மாதம் கழித்து 300 என்று இறக்குங்கள் என்றேன். 9.50 முடியாது, 9.60 தருகிறேன், ஆனால் 600க்கும் பணத்தை இப்போதே கட்ட வேண்டும் என்றார்.

தேக்கா பழைய கை

9.70ஐ விடப் பைக்கு 10 காசு, 600க்கு 60 வெள்ளி. இரண்டாவது 300க்கு 2,880 வெள்ளியை மூன்று மாதம் முன்பே கட்டுகிறீர்கள், அதற்கு வட்டி 43. மீதி 17 வெள்ளி. அந்த 17க்காக, கையில் வராத அரிசிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். இறக்கும்போது பணம் என்றால் எடுங்கள், விலையையும் தேதியையும் இன்வாய்ஸிலேயே எழுதி வாங்குங்கள்.

ஈசூன் மளிகை

அதையே கேட்கிறேன். இந்த வியாழக்கிழமைக்கு 9.70க்கு 300 பை சொல்லிவிட்டேன். பலகையும் வாங்கியாகிவிட்டது. உட்லண்ட்ஸ் தம்பி, அடுத்த லோடுக்கு உங்களோடு சேர்ந்து எடுக்க எனக்குச் சம்மதம். கூலியைப் பற்றி நேரில் பேசுவோம்.