±5%, அக்டோபர் 15, கேன்சல் டேட்: இந்த ஆர்டர் கன்ஃபர்மேஷனை எப்படிப் புரிந்துகொள்வது?

கரூர் தறி:
எல்லாருக்கும் வணக்கம். இதுவரை ஜாப் ஒர்க்தான் செய்துவந்தோம். முதல் நேரடி ஆர்டர் ஜெர்மனிக்கு: கிச்சன் டவல் 12,000 பீஸ், நீலம், வெள்ளை, பச்சை தலா 4,000. விலை 1.10 டாலர், எஃப்.ஓ.பி. தூத்துக்குடி, பணத்துக்கு பேங்க் பொறுப்பேற்கும் எல்.சி. உண்டு. கன்ஃபர்மேஷனில் இருப்பது: அளவு ±5%, ஷிப்மென்ட் அக்டோபர் 1 முதல் 15 வரை, 15க்குள் போகாத சரக்கை பயர் எந்தப் பொறுப்பும் இல்லாமல் கேன்சல் செய்யலாம்.

நீலப் பாவு முடியும்வரை தறி ஓடியதில் நீலம் 4,350 ஆகிவிட்டது. வெள்ளை 4,150, பச்சை 3,900. மொத்தம் 12,400, அதாவது 3.3% தான் அதிகம். அப்படியே அனுப்பலாமா? 16ஆம் தேதி கப்பல் ஏறினால் ஆர்டர் தானாகவே ரத்தாகிவிடுமா?

நூல் வியாபாரி:
தாராளமாக அனுப்புங்கள். எல்.சி.யில் 5% கூடக் குறைய எப்போதும் அனுமதி உண்டு, எழுதியிருக்கவே வேண்டாம். நான் நூல் அனுப்பும்போது எடை முன்னே பின்னே போகும், பேங்க் ஒரு கேள்வி கேட்டதில்லை.

பழைய டாக்குமென்டேஷன்:
அண்ணா, உங்களுடையது கிலோ கணக்கு, அதனால் அது சரி. எல்.சி.க்கான சர்வதேச விதிகளான யு.சி.பி. 600இல் 30ஆம் பிரிவு தரும் அந்த 5%, பீஸ் என்றோ பெட்டி என்றோ எண்ணிக் குறிப்பிட்ட சரக்குக்குப் பொருந்தாது. கிலோவிலும்கூட எல்.சி. தொகையைத் தாண்டி பில் போட அது வழி விடாது.

கரூர் தம்பி, முதலில் அந்த ±5% மொத்தத்துக்கா, கலர் வாரியா என்று பாருங்கள். ஒன்றும் எழுதவில்லையென்றால் பயரிடம் கேளுங்கள். கடையில் கலர் வாரியாக அடுக்குகிறவர்கள் பெரும்பாலும் கலர் வாரி என்றுதான் சொல்வார்கள். அப்படியானால் ஒவ்வொரு கலரிலும் 3,800 முதல் 4,200 வரை. பச்சையும் வெள்ளையும் தப்பிக்கும், நீலத்தில் 150 நிற்கும். அனுப்பக்கூடியது 12,250 பீஸ், அதாவது 13,475 டாலர்.

இனி எல்.சி.யை எடுங்கள். அதில் 39A என்ற வரி இருக்கிறதா? தொகைக்கான கூடுதல் குறைவு அங்கேதான் வரும். அளவுக்கு எதிரேயும் ±5% எழுதியிருக்க வேண்டும். கன்ஃபர்மேஷனில் என்ன இருந்தாலும் பேங்க் அதைப் பார்க்காது.

கரூர் தறி:
39A வரியே இல்லை சார். தொகை 13,200 டாலர். அளவு 12000 PCS என்று மட்டும் இருக்கிறது.

பழைய டாக்குமென்டேஷன்:
அப்படியென்றால் 12,250க்கு பில் போட்டால் அளவு, தொகை இரண்டிலும் டிஸ்கிரிபன்சி. கூடுதல் 275 டாலருக்கு ஆசைப்பட்டு மொத்தப் பணத்தையும் தொங்கவிட வேண்டாம். ஒன்று இரண்டுக்கும் ±5% சேர்த்து அமெண்ட்மென்ட் வாங்குங்கள், இல்லை சரியாக 12,000 பீஸ் அனுப்புங்கள். பச்சையில் குறையும் 100ஐ வேறு கலரில் ஈடுகட்டலாமா என்று மெயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றுமதி ஆசை:
இதற்கெல்லாம் ஏற்றுமதிக் கடன் காப்பீடான இ.சி.ஜி.சி. பாலிசி எடுத்துவிட்டால் கேன்சல் ஆனாலும் பணம் வந்துவிடுமே?

பழைய டாக்குமென்டேஷன்:
பயர் திவாலானால், பணம் தராமல் ஏமாற்றினால் அது உதவும். நாம் தாமதமாக அனுப்பி அதனால் பயர் கேன்சல் செய்தால் அந்த நஷ்டம் நம்முடையது.

திருப்பூர் மெர்ச்சன்டைசர்:
தேதியைப் பற்றி ஒன்று. 15 என்பது எதன் தேதி? ஃபேக்டரியை விட்டுக் கிளம்பியதா, ஃபார்வர்டரிடம் ஒப்படைத்ததா, கப்பல் ஏறியதா? உங்கள் அளவுக்கு முழு கன்டெய்னர் வராது. சி.எஃப்.எஸ்.ஸில் மற்றவர்கள் சரக்கோடு சேர்த்துத்தான் ஏற்றுவார்கள், கப்பல் ஏறும் நாள் உங்கள் கையில் இல்லை. ஒப்படைத்த தேதி என்று எழுதி வாங்க முடிந்தால் நிம்மதி. 1ஆம் தேதிக்கு முன்னால் ஏற்றினாலும் சிக்கல்தான், அவர்கள் குடோனில் இடம் இருக்காது.

16ஆம் தேதி ஆர்டர் தானாக ரத்தாகாது. கேன்சல் செய்யும் உரிமை பயருக்கு வருகிறது, அவ்வளவுதான். ஆனால் அவர்கள் சும்மா இருப்பதைச் சம்மதம் என்று நினைத்து ஏற்றிவிடாதீர்கள். "பரவாயில்லை, அனுப்புங்கள்" என்று போனில் சொன்னாலும் திருத்திய கன்ஃபர்மேஷன் வேண்டும், கூடவே எல்.சி.யில் கடைசி ஷிப்மென்ட் தேதியான 44Cயும் மாற வேண்டும். இப்போதே கேட்பதென்றால், 7 நாள் கூடுதல் அவகாசம், அதற்குமேல் வாரத்துக்கு இத்தனை சதவீதம் தள்ளுபடி, அதன்பிறகுதான் கேன்சல் என்று கேளுங்கள். நான் பார்த்தவரை பலர் இதற்கு இறங்கி வருவார்கள்.

நூல் வியாபாரி:
சின்ன ஆளுக்கு எந்த பயர் இறங்கி வருகிறான்? அதிகம் கேட்டால் ஆர்டரை அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவான்.

திருப்பூர் மெர்ச்சன்டைசர்:
அதுவும் நடக்கும்தான். குறைந்தது, கேன்சல் ஆனால் அவர்கள் லேபிளை வெட்டிவிட்டு வெளியே விற்கலாம் என்றாவது எழுதி வாங்கட்டும்.

கரூர் தறி:
பயர் பதில் வந்தது. ±5% கலர் வாரிதான். தேதி ஃபார்வர்டரிடம் ஒப்படைக்கும் நாளாம். ஆனால் எல்.சி. சரக்கு கப்பல் ஏறிய தேதியைக் காட்டும் ஆன்போர்டு பி.எல். கேட்கிறது, 44Cயும் 15ஆம் தேதிதான். அமெண்ட்மென்ட் கேட்டிருக்கிறேன், அதன் சார்ஜ் யார் தலையில் என்று இன்னும் சொல்லவில்லை. அதுவரை 12,000க்கு மட்டும் பேக்கிங் போடச் சொல்லியிருக்கிறேன்.