ஹட்டன் பக்கம் "வெள்ளை ஊசி": தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அக்காமாரே, அண்ணன்மாரே, ஓர் உதவி. தை மாசம் தங்கச்சிக்குக் கல்யாணம். டவுனில் ஒரு பியூட்டி சலூனில் நிறம் வெளுக்கக் குளுட்டாதயோன் ஊசி போட்டுக்கொள்கிறாள். பத்து ஊசிக்குப் பேசி, இரண்டு முடிந்துவிட்டது. "உடம்பிலேயே ஊறும் சத்து, பக்கவிளைவே இல்லை" என்கிறார்கள்.

உடம்பில் ஊறுவது உண்மைதான், ஈரல் தானே அதைச் செய்கிறது. அதற்காக ரத்தக் குழாயில் நேராக ஏற்றினாலும் பாதுகாப்பு என்று ஆகிவிடுமா? பிலிப்பைன்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் இந்த ஊசியைப் பற்றி எச்சரித்தது. ஈரல், சிறுநீரகம், நரம்பு மண்டலம் பாதிக்கலாமாம். தோல் உரிந்துபோகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயும் வரலாமாம். அங்கே இது அனுமதிக்கப்பட்டது புற்றுநோய்ச் சிகிச்சையில் துணை மருந்தாக, நிறத்துக்கு அல்ல. மாத்திரை என்றால் பெரும்பகுதி குடலிலேயே உடைந்துவிடும். நிறம் கொஞ்சம் மாறினாலும் நிறுத்தியதும் பழையபடிதான்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு கையில் சின்னத் தடிப்பு. காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல் இல்லை. அதில் ஒன்று வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவோம். மருந்துக் குப்பியில் வெளிநாட்டு எழுத்து மட்டும்தான், இலங்கைப் பதிவு இலக்கம் எதுவும் இல்லை. போட்டவர் டாக்டரும் இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியது: இப்போதே ஈரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை செய்யலாமா? குப்பி பதிவானதா என்று தேசிய ஔடத அதிகாரசபையிடம் கேட்பது எப்படி? நுவரெலியா, கண்டிப் பக்கம் தோல் கிளினிக் எந்த நாளில்?

"கறுப்பாய் இருக்கிறாள்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லவேயில்லை. சொன்னது எங்கள் சித்திதான்!