ஒரே மெமோவில் இரண்டு பேரிடம் முடிவு கேட்க வேண்டும், முதல் இரண்டு வரியை எப்படி எழுதுவது?

அலுவலகத்துக்குள் அனுப்ப ஒரு பக்க மெமோ எழுதுகிறேன், தொடக்கத்தில்தான் உங்கள் யோசனை தேவை. பழைய சர்வரின் பராமரிப்பு ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது, அதை ஆறு மாதம் நீட்டித்து அதற்குள் புதியதற்கு மாறிவிடலாம் என்பது எங்கள் குழுவின் பரிந்துரை. இப்போதைக்கு முதல் இரண்டு வரி இப்படி:

"சர்வர் பராமரிப்பு ஒப்பந்தத்தை ஆறு மாதம் நீட்டிக்க 20ஆம் தேதிக்குள் உங்கள் ஒப்புதல் தேவை. கிடைக்காவிட்டால் 1ஆம் தேதி முதல் சர்வர் பழுதானால் சரிசெய்ய ஆள் இருக்காது."

என்ன முடிவு, எதற்குள், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றும் வந்துவிட்டன. பின்னணி, ஏன் ஒரு வருடம் வேண்டாம் என்ற காரணம் எல்லாம் கீழே போய்விட்டது. சரி, இதுவரை பிரச்சினை இல்லை.

ஆனால் பணத்துக்கு நிதிப் பிரிவுத் தலைவர் ஒப்புதல் தர வேண்டும், மாற்றும் வேலைக்கு சர்வரை ஒரு நாள் நிறுத்த செயல்பாட்டுப் பிரிவுத் தலைவர் தேதி சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தால் மற்றவர் முதலில் பதில் சொல்லட்டும் என்று இருவருமே சும்மா இருந்துவிடுவார்கள் (எங்கள் இடத்தில் இது வழக்கம்தான்). பதவியைக் குறிப்பிட்டு ஆளுக்கு ஒரு வரி கொடுத்தால் விளைவைச் சொல்லும் வரி மூன்றாவதாகிவிடுகிறது.

தேதி கேட்பதைத் தனி மெமோவாக, ஒப்புதல் வந்தபிறகு அனுப்பலாமா? அப்புறம், செலவுத் தொகையை முதல் வரியிலேயே போடுவீர்களா, கீழேயா? இப்படி எழுதியவர்கள் உங்கள் முதல் இரண்டு வரியை அப்படியே பகிர்ந்தால் உதவியாக இருக்கும்.