தசம ஒப்பீட்டுப் பிழைகளுக்குக் கலைச்சொல்: ‘நீள மயக்கம்’ சரிவருமா?

தரம் 6 கணித ஆசிரியை, திருகோணமலை நகர்

எல்லோருக்கும் வணக்கம்.

பூச்சியம் தசம் ஐந்து, பூச்சியம் தசம் பூச்சியம் ஐந்து, இரண்டில் எது பெரிது என்று கேட்டால் என் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் 0.5 என்று சரியாகவே சொல்கிறார்கள். சிலர் மட்டும் 0.05 என்கிறார்கள். ஏன் என்று கேட்டால், “அதிலதான் இலக்கம் கூட இருக்கு ரீச்சர்” என்பதுதான் பதில். முழு எண்களில் அவர்கள் கண்டது அதுதானே. 345 எப்போதும் 34ஐ விடப் பெரிது. அந்த வழக்கத்தைத் தசமத்துக்கும் கொண்டு வருகிறார்கள்.

ஆசிரியர்கள் கூடிக் கதைக்கும்போது “இலக்கம் கூட இருந்தால் எண்ணும் பெரிது என்று நினைக்கிற பிழை” என்று ஒவ்வொரு தடவையும் முழு வசனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விடைத்தாளின் ஓரத்தில் குறித்து வைக்கவும் ஒரு சிறிய சொல் தேவை. ‘நீள மயக்கம்’ என்று வைக்கலாம் என நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், மூதூர்

ரீச்சர், இதற்குப் பெயர் தேவையில்லை, மருந்துதான் தேவை. மருந்தும் மிக எளிது. 0.5க்குப் பின்னால் ஒரு பூச்சியம் போட்டு 0.50 ஆக்கச் சொல்லுங்கள். இப்போது ஒரு பக்கம் 50, மறுபக்கம் 5. எந்தப் பிள்ளையும் பிழை விடாது. நான் பல வருடம் இப்படித்தான் படிப்பித்தேன். 0.8, 0.63 என்று கொடுத்தாலும் அதே வழிதான். 80, 63. அவ்வளவுதான்.

பெயர்தான் வேண்டும் என்றால் ‘மயக்கம்’ மட்டும் வேண்டாம். தாய் தகப்பன் விடைத்தாளைப் பார்த்தால் பிள்ளை வகுப்பில் மயங்கி விழுந்தது என்று பயந்து விடுவார்கள்.

ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர், உப்புவெளி

வணக்கம் ரீச்சர், வணக்கம் ஐயா.

பெயரைப் பேசுவதற்கு முன்னால் அந்த வினாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 0.5, 0.05 என்ற சோடிக்குச் சரியான விடை சொன்ன பிள்ளைகள் எல்லோருக்கும் தசமம் விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிழையாக யோசிக்கிற பிள்ளையும் அந்தச் சோடியில் தப்பிவிடும்.

1980களில் பிரான்ஸ், இஸ்ரேல், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் பிள்ளைகளின் தசம ஒப்பீட்டை ஆராய்ந்தார்கள். லோரன் ரெஸ்னிக்கும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று பிழையான வழிகளை விவரித்தார்கள். ரீச்சர் சொன்னது முதலாவது. இரண்டாவது வழியில் போகிற பிள்ளையும் நீளமானதே பெரிது என்றுதான் நினைக்கும். ஆனால் தசமப் புள்ளிக்கு அடுத்ததாகப் பூச்சியம் வந்தால் எண் சிறியது என்று மட்டும் தெரிந்து வைத்திருக்கும். மூன்றாவது வழி இதற்கு நேர் எதிர். நீளமானது சிறியது என்று அந்தப் பிள்ளை நினைக்கும். பத்திலொன்றை விட நூறிலொன்று சிறியது என்று படித்திருக்கிறது அல்லவா, அதனால் நூறிலொன்று வரை போகிற எந்த எண்ணும் சிறியதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறது.

இனி மூன்று சோடிகளைப் பாருங்கள். முதலாவது 0.5, 0.05. அடுத்தது 0.8, 0.63. கடைசி 0.4, 0.47.

ரீச்சர் சொன்ன பிள்ளை முதல் இரண்டையும் பிழையாகச் சொல்லும், 0.47 பெரிது என்று கடைசியை மட்டும் சரியாகச் சொல்லும். பூச்சியத்தைக் கவனிக்கிற பிள்ளை முதலாவதில் தப்பி, 0.63 பெரிது என்று இரண்டாவதில் மாட்டும். நீளமானது சிறியது என்று நினைக்கிற பிள்ளைக்கு முதல் இரண்டுமே சரி. 0.4, 0.47இல் 0.4 பெரிது என்று சொல்லும்போதுதான் அது வெளியே வரும். ஆக 0.5, 0.05 ஒன்றை மட்டும் கேட்டால் மூன்று வகையில் ஒன்றுதான் பிடிபடும்.

ஒரு வகைக்கு ஒரு சோடி போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தொட்டாலும் பாதி சரி வரும். ஒவ்வொரு வகையிலும் நாலைந்து சோடி கலந்து கொடுத்துப் பார்த்தால்தான் பிள்ளை எந்த வழியில் போகிறது என்று நம்பிச் சொல்லலாம்.

மூதூர் ஐயாவின் வழி சரியான விடையைத் தரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீளத்தைச் சமமாக்கியதும் பிள்ளை 80, 63 என்று முழு எண்களைத்தான் ஒப்பிடுகிறது. அதன் பழைய யோசனை அப்படியே உள்ளே இருக்கும். பூச்சியம் போட மறந்த நாளில் திரும்பவும் வெளியே வரும். விளங்கியிருக்கிறதா என்று பார்க்க, 0.4க்கும் 0.5க்கும் இடையில் ஓர் எண் சொல்லச் சொல்லுங்கள். “ஒன்றும் இல்லை” என்று சொல்கிற பிள்ளை இலக்கங்களைத்தான் பார்க்கிறது, அளவைப் பார்க்கவில்லை.

மருந்தாளர், திருகோணமலை

நான் ஆசிரியர் இல்லை, ஆனாலும் இதை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இதயத்துக்குக் கொடுக்கும் டிகொக்சின் மாத்திரை 0.25 மில்லிகிராமிலும் வருகிறது, 0.125 மில்லிகிராமிலும் வருகிறது. 125 என்பது 25ஐ விடப் பெரிது என்று கண் சொல்கிறது. உண்மையில் 0.125 பாதி அளவு. அந்த மருந்தில் பாதுகாப்பான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வளர்ந்தவர்களே பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன். 250 மைக்கிரோகிராம், 125 மைக்கிரோகிராம் என்று எழுதினால் அந்தக் குழப்பமே வராது.

பின்னால் பூச்சியம் போடுகிற பழக்கம் பற்றியும் ஒன்று. மருந்துத் துண்டில் அதைச் செய்யவே கூடாது. 5.0 மில்லிகிராம் என்று எழுதி, புள்ளி மங்கலாக விழுந்தால் 50 ஆகிவிடும். அதே காரணத்தால் முன் பூச்சியத்தை விடவும் கூடாது. .5 என்று எழுதினால் 5 என்று வாசிப்பார்கள். வகுப்பில் 0.50 சரியாக இருக்கலாம், பிள்ளை பிறகு என்ன தொழிலுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

பெயர் எதுவானாலும் எனக்குச் சம்மதம். எங்களுக்கும் பயன்படுகிற மாதிரி இருந்தால் நல்லது.

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர், நிலாவெளி

கணினியில் இது எப்போதோ தீர்ந்த விடயம். 1.9 பதிப்புக்குப் பிறகு வருவது 1.10. ஆகவே 1.10தான் பெரிது. நீளமானது பெரிது என்று சொல்கிற பிள்ளையைப் பிழை என்று சொல்வதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டாமா? ‘பதிப்பு முறை’ என்றே பெயர் வைக்கலாம்.

ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர், உப்புவெளி

தம்பி, பதிப்பு எண்ணில் இருக்கும் புள்ளி தசமப் புள்ளி இல்லை. அது இரண்டு முழு எண்களைப் பிரிக்கிற புள்ளி. ஒன்பதாவதற்குப் பிறகு பத்தாவது, அவ்வளவுதான். தசமமாக வாசித்தால் 1.10 என்பது 1.1, அது 1.9ஐ விடச் சிறியது. ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு பயன் இருக்கிறது. புள்ளிக்கு இரண்டு பக்கமும் இரண்டு தனி எண்கள் என்று பிள்ளைகள் நினைப்பதற்கு இப்படியான இடங்களும் காரணமாக இருக்கலாம். ரூபா, சதமும் அப்படித்தான். 12.50ஐப் பன்னிரண்டு ரூபா ஐம்பது சதம் என்கிறோம். சந்தையில் மின் தராசு இறாலை 0.500 என்றும் 0.050 என்றும் எப்போதும் மூன்று இலக்கத்தில் காட்டுகிறது. இப்படி நீளம் மாறாத இடங்களில் முழு எண்ணாக வாசித்தாலும் எது பெரிது என்பதில் பிழை வராது. அதனால்தான் இந்தப் பழக்கம் இத்தனை காலம் பிடிபடாமல் இருக்கிறது.

இனிப் பெயர். ‘மயக்கம்’ எனக்கும் ஒத்துவரவில்லை, ஆனால் காரணம் வேறு. மயங்குகிறவர் ஒருநாள் இப்படியும் ஒருநாள் அப்படியும் சொல்வார். இந்தப் பிள்ளைகளில் பலர் ஒரே ஒழுங்கில் பிழை விடுகிறார்கள். ஆய்விலும் இவற்றை விதிகள் என்றே சொன்னார்கள். ஆகவே ‘நெடுவிதி’, ‘குறுவிதி’, ‘முன்பூச்சிய விதி’. நெடியது பெரிது என்பது நெடுவிதி. குறியது பெரிது என்பது குறுவிதி. புள்ளிக்கு அடுத்ததாகப் பூச்சியம் வந்தால் சிறியது, இல்லாவிட்டால் நெடியது பெரிது என்பது முன்பூச்சிய விதி.

ஏன் அப்படி நினைக்கிறது என்ற காரணத்தைப் பெயருக்குள் கொண்டுவர வேண்டாம். குறுவிதியில் போகிற ஒரு பிள்ளை பத்திலொன்று, நூறிலொன்று என்று யோசித்திருக்கலாம். இன்னொன்று நாலிலொன்றை விட நாற்பத்தேழிலொன்று சிறியது என்று பின்னத்தை நினைத்திருக்கலாம். விடைத்தாளில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், மூதூர்

0.4, 0.47 சோடியை என் பேத்தியிடம் கேட்டுப் பார்த்தேன். 0.4 பெரிது என்கிறாள். 0.8, 0.63 எல்லாம் சரியாகச் சொல்கிற பிள்ளை. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

பூச்சியம் போடுகிற வழியை நான் விடப்போவதில்லை, ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியது இருக்கிறது என்று ஏற்றுக்கொள்கிறேன். 0.4இல் பத்திலொன்று நான்கு. 0.47இலும் பத்திலொன்று நான்கு, அதற்கு மேல் நூறிலொன்று ஏழு. கட்டக் கொப்பியில் பத்துக்குப் பத்துச் சதுரம் போட்டு நிறம் தீட்டச் சொன்னேன். நான்கு வரிசை தீட்டி முடித்து, பிறகு ஏழு கட்டம் கூடத் தீட்டும்போது அவளே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஆனால் ‘விதி’ என்ற சொல்லை நான் எதிர்க்கிறேன். வகுப்பில் விதி என்றால் பின்பற்ற வேண்டியது. ‘நெடுவிதி’ என்று கரும்பலகையில் எழுதினால் பாதிப் பிள்ளைகள் அதையே கொப்பியில் எழுதிப் பாடமாக்கும். ‘நெடுவழு’, ‘குறுவழு’ என்று வையுங்கள்.

ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர், உப்புவெளி

உயர்தர பௌதிகவியலில் அளவீட்டு வழு என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது ஐயா. அளவிடுகிறபோது தவிர்க்க முடியாமல் வருவது அது. இது அந்த இனம் இல்லை. பிள்ளைக்குச் சொல்கிற சொல் ஒன்று, ஆசிரியர்களுக்குள் பயன்படுத்துகிற சொல் இன்னொன்று என்று இருந்தால் ‘விதி’யில் ஆபத்தில்லை என்பது என் எண்ணம்.

தரம் 6 கணித ஆசிரியை, திருகோணமலை நகர்

உப்புவெளி சேர் சொன்ன மாதிரி ஒவ்வொரு வகையிலும் ஐந்து சோடி கலந்து ஒரு தாள் செய்து கொடுத்தேன். நெடு, குறு, முன்பூச்சியம் என்று பின்னால் ஒன்றும் சேர்க்காமல் ஓரத்தில் குறித்தேன். விதியா வழுவா என்பதை நீங்கள் பேசி முடியுங்கள், எனக்கு இப்போதைக்கு இது போதும்.

0.5 பெரிது என்று முதலில் சரியாகச் சொன்ன ஒரு பிள்ளை, 0.8, 0.63 வகைச் சோடிகள் ஐந்தையுமே பிழையாகச் செய்திருந்தது. கேட்டேன். “தசத்துக்குப் பக்கத்தில பூச்சியம் வந்தா சின்னன், இல்லாட்டி நீளமானது பெரிசு” என்று அப்படியே சொன்னது. இத்தனை நாளும் அந்தப் பிள்ளைக்குத் தசமம் விளங்கிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் 0.5உம் 0.05உம் சமன் என்று எழுதியிருக்கிறார்கள். 05 என்றாலும் 5தானே என்கிறார்கள். 0.63 விடயத்தில் அவர்கள் நெடு பக்கம்தான். இவர்களை நெடுவில் சேர்ப்பதா, அல்லது வேறு பெயர் வேண்டுமா? நீளத்தை அவர்கள் பார்க்கவில்லை, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகத்தான் வாசிக்கிறார்கள். அப்படியானால் ‘நெடு’ என்ற பெயரே அவர்களுக்குப் பொருந்தாது.