உப்பு வரி: யாருமே குறைத்து வாங்கவில்லையா?

"உப்புக்கு எவ்வளவு வரி போட்டாலும் யாரும் குறைத்து வாங்க மாட்டார்கள். அதனால் சேதம் குறைந்த வரி அதுதான். பொருளாதாரக் கட்டுரை எழுதிய ராம்சே 1927-லேயே சொல்லிவிட்டார்." (கணக்கன், பெட்ரோல் இழையில்)

வேதாரண்யத்தான்: எந்த உலகத்தில்? 1903 வரை மணங்குக்கு 2 ரூபாய் 8 அணாவாக இருந்த உப்பு வரி 1907-ல் 1 ரூபாய்க்கு இறங்கியது. விற்பனை ஏறியது. அப்படியானால் அதற்கு முன் ஏழைகள் குறைத்துத்தானே வாங்கியிருக்கிறார்கள்?

கணக்கன்: வரி பாதிக்கும் கீழே போனதே, விற்பனை இரட்டிப்பானதா? இல்லையே. உப்பும் பிஸ்கட்டும் தலா 100 பொட்டலம், ஒன்று 10 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் 2 ரூபாய் வரி. உப்பு 98 விற்கும். அரசுக்கு 196 ரூபாய். பிஸ்கட் 60 தான் விற்கும். அரசுக்கு 120 ரூபாய். வாங்காமல் போன 40 பேரின் இழப்பு யார் பைக்கும் போகவில்லை, அப்படியே வீண். உப்பில் அந்த வீண் 2 பேரோடு முடிந்தது. இதைத்தான் சேதம் என்கிறேன்.

செல்வம் ஸ்டோர்: உப்புக்கு ஜிஎஸ்டியே இல்லையே சார்? என் கடையில் பிஸ்கட்தான் நன்றாகப் போகிறது. விலை ஏற்றாமல் பாக்கெட்டைச் சின்னதாக்கிவிட்டார்கள், யாருமே கேட்கவில்லை.

வேதாரண்யத்தான்: 98 என்பது உங்கள் கற்பனை. குறைந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

கணக்கன்: கொஞ்சம் குறைந்தது என்றுதானே 98 போட்டேன்! கழித்தல் தெரியாதவரோடு என்ன பேச?

மலர்விழி: அந்த விற்பனைப் புள்ளியை வைத்து இருவருமே ஜெயிக்க முடியாது. வரி கட்டிய உப்பு மட்டும்தான் அதில் இருக்கிறது. உவர்மண்ணில் காய்ச்சிய கள்ள உப்பு கணக்கில் வராது. வரி இறங்கியதும் அதை விட்டுவிட்டுக் கடை உப்புக்கு வந்தவர்கள் எத்தனை பேரோ! கடத்தலைத் தடுக்க வெள்ளைக்காரன் சிந்துவிலிருந்து மகாநதி வரை சுங்கக் கோடு போட்டு முள்வேலி வளர்த்தான். 1869-ல் அந்தக் கோடு 2,300 மைல். காவலுக்குச் சுமார் 12,000 பேர். கணக்கன் சாரின் 196 ரூபாயில் அந்தச் சம்பளத்தைக் கழித்தாரா?

கணக்கன்: அது நிர்வாகச் செலவு, வேறு தலைப்பு. வேலியையும் 1879-லேயே கைவிட்டுவிட்டார்கள்.

மலர்விழி: ஏழை, பணக்காரன் பேச்சை ஒதுக்கி வைக்கிறேன் என்று ராம்சே தன் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். நீங்கள் அந்த வாக்கியத்தைத் தாண்டிவிட்டு "நல்ல வரி" என்கிறீர்கள்.

கணக்கன்: "நல்ல" என்று நான் எங்கே சொன்னேன்? "சேதம் குறைந்த" என்றேன். மேலே போய்ப் பாருங்கள்.

வேதாரண்யத்தான்: போன மாதம் பெட்ரோலுக்கு "நல்ல வரி" என்றுதான் சொன்னீர்கள், ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

கணக்கன்: போடுங்கள். அந்த இழையில் என்னை "ஏட்டுச் சுரைக்காய்" என்று திட்டியதும் அதிலேயே தெரியும்.

வேதாரண்யத்தான்: திட்டவில்லை, வர்ணித்தேன். உப்பு குறைந்ததா இல்லையா?

கணக்கன்: 2 பொட்டலம். இன்னும் எத்தனை தடவை எழுத?

செல்வம் ஸ்டோர்: அந்தப் பிஸ்கட் இப்போது 60 தான் விற்குமா சார்? புது சரக்கு ஆர்டர் போடணும்.