சோலார் வாட்டர் ஹீட்டர் இறக்குமதி: அறிக்கையில் எதை வெட்டினீர்கள், எதை வைத்தீர்கள்?

கோவை, புதிதாகத் தொடங்குபவர்

வணக்கம். சீனாவிலிருந்து 200 லிட்டர் ஹீட்டரை முழு செட்டாகச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கி, கோவை, நீலகிரி, பெங்களூரில் விற்பதாகத் திட்டம். வங்கிக் கடனுக்கு ஆலோசகர் ஒருவர் அறிக்கை போட்டுக் கொடுத்தார். அரசியல், பொருளாதாரம், சட்டம் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. எல்லைப் பிரச்சினை, ரெப்போ வட்டி, செங்கடல், தேர்தல், எதுவும் பாக்கி இல்லை. வங்கி மேலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல எது மாறுனா உங்க ஆர்டர் மாறும்னு சொல்லுங்க, அது போதும்” என்றார். இந்தத் தொழிலில் இருப்பவர்கள், உங்களுக்கு நிஜமாகவே முடிவை மாற்றிய காரணி எது என்று சொல்லுங்கள்.

ஓசூர், தொட்டி தயாரிப்பவர்

காரணியிலிருந்து ஆரம்பிக்காதீங்கம்மா. முதலில் முடிவுகளை எழுதுங்கள். முழு செட்டா, வெறும் கண்ணாடிக் குழாயை இறக்கித் தொட்டியை இங்கே செய்வதா? யாரிடம் வாங்குவது? எந்த ஊரில் விற்பது? ஒவ்வொரு காரணியையும் தலைகீழாக்கிப் பாருங்கள். இதில் ஒன்றும் அசையவில்லை என்றால் அந்தப் பத்தியை அடித்துவிடலாம்.

நான் முன்பு முழு செட்தான் இறக்கினேன். குழாய்க்கு மாறியது கப்பல் வாடகையால். தொட்டி என்பது பெரும்பாலும் காற்று. 40 அடி ஹைக்யூப் கன்டெய்னரில் 200 லிட்டர் செட், ஸ்டாண்டோடு சேர்த்து, சுமார் 110 பிடிக்கும். 58 மி.மீ. விட்டம், 1,800 மி.மீ. நீளக் குழாய் மட்டும் என்றால், செட்டுக்கு 20 குழாய் வீதம் 340 செட்டுக்கானது வரும். வாடகை ஒரு லட்சம் என்று வையுங்கள். முழு செட்டுக்கு 900 ரூபாய், குழாய்க்கு 300. அதுவே நாலு லட்சம் ஆனால் 3,600, 1,200. முழு செட்டில் டீலர் லாபமே அதோடு போய்விடும். குழாயில் தாங்கலாம். ஆக, கப்பல் வாடகை உங்கள் திட்டத்தில் இருக்க வேண்டிய காரணி. என் திட்டத்தில் அது இன்னொரு செலவு, அவ்வளவுதான்.

மதுரை, பேனல் டீலர்

இதையெல்லாம் விட வரிதான் பெரிது. 2022 ஏப்ரலில் 40 சதவீதம் சுங்கம் போட்டார்கள். அரசு அங்கீகரித்த மாடல் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அரசுத் திட்டம் எதிலும் விற்க முடியாது. அரசியல் காரணி என்று அதை முதலில் எழுதுங்கள்.

சென்னை, கஸ்டம்ஸ் ஏஜென்ட்

சார், நீங்கள் சொல்வது மின்சாரம் தரும் பேனலுக்கு. தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டருக்கு அந்தப் பட்டியலும் இல்லை, அந்த 40-ம் இல்லை. இரண்டிலும் ‘சோலார்’ இருப்பதால் ஆலோசகர்கள் அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். ஆனால் சுங்கவரி முக்கியம் என்பது சரிதான். முழு ஹீட்டருக்கு 8419 12 என்று தனிக் குறியீடு இருக்கிறது, தகராறு வராது. தனிக் குழாயைக் கண்ணாடிப் பொருளாகப் பார்ப்பதா, ஹீட்டரின் பாகமாகப் பார்ப்பதா என்பதில்தான் இழுபறி. குழாய் வழியில் போவதாக இருந்தால், பெரிய ஆர்டருக்கு முன் எந்தக் குறியீடு என்று அட்வான்ஸ் ரூலிங், அதாவது முன்கூட்டிய தீர்ப்பு, வாங்கிவிடுங்கள்.

பட்ஜெட் சமயத்தில் சரக்கு கடலில் இருந்தால் இன்னொன்று. ஆர்டர் போட்ட நாளின் வரி கிடையாது. பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தைத் தாக்கல் செய்த நாள், கப்பலுக்கு உள்வருகை அனுமதி கிடைத்த நாள், இரண்டில் பிந்தியது எதுவோ அன்றைய வரிதான். ஜனவரி கடைசியில் வரும் சரக்குக்கு இது விலையையே மாற்றும்.

செங்கடலை வெட்டிவிடலாம். நிங்போவிலிருந்து சென்னைக்கு மலாக்கா வழியாகத்தான் வருகிறது.

ஓசூர், தொட்டி தயாரிப்பவர்

பாதை வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால் காலிக் கன்டெய்னர் திரும்பிவர நாளாகும், நம் பக்கமும் வாடகை ஏறும். அதனால் ‘செங்கடல்’ என்று எழுத வேண்டாம், ‘கப்பல் வாடகை’ என்று எழுதினால் அது உள்ளே வந்துவிடும்.

எல்லைப் பிரச்சினையும் அப்படித்தான். ‘இந்திய-சீன உறவு’ என்று ஒரு பத்தி எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. அது உங்களைத் தொடும் இடம் பிஐஎஸ் தரச் சான்று. முழு செட்டுக்கு ஐஎஸ் 16544, குழாய்க்கு ஐஎஸ் 16543. கட்டாயச் சான்று ஆணை இதில் எதை, எந்தத் தேதியிலிருந்து தொடுகிறது என்று அரசிதழில் நீங்களே படியுங்கள். சான்று தேவைப்பட்டால் லைசென்ஸ் உங்கள் பெயரில் வராது, அந்த வெளிநாட்டு ஆலையின் பெயரில்தான் வரும். பிஐஎஸ் அதிகாரி ஆலைக்கு நேரில் போக வேண்டும், 10,000 டாலருக்கு வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். உறவு கெட்டால் அந்தப் பயணம் தள்ளிப்போகும். அதனால் விலை குறைந்த ஆலையை விட, லைசென்ஸ் கையில் இருக்கும் ஆலையைத் தேர்ந்தெடுப்பீர்கள். சப்ளையர் பெயரே மாறுகிறது பாருங்கள்.

திருப்பூர், வீட்டு உபயோகிப்பாளர்

எங்கள் வீட்டு ஹீட்டரில் உப்புத் தண்ணீர். தொட்டி வெல்டிங்கில் கசிகிறது. விற்றவர் “கம்பெனி சீனாவுல இருக்கு, நாங்க என்ன செய்ய” என்கிறார். என்ன செய்யலாம்?

கோவை, ஜிஎஸ்டி ஆடிட்டர்

நீங்கள் கேட்டது வேறு கேள்வி, ஆனால் இங்கே பொருந்துகிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தயாரிப்பாளர் இந்தியச் சட்டத்துக்கு உட்படாதவர் என்றால் பொருளால் வந்த சேதத்துக்கு விற்றவரையே கேட்கலாம். பில்லோடு மாவட்ட ஆணையத்தில் மனு கொடுங்கள். திட்டம் போடுபவருக்கும் இது சட்டக் காரணிதான். போர்வெல் உப்பு ஊரில் விற்றால் வாரன்டிக்கு என்று விலையிலேயே ஒரு தொகை ஒதுக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது ஜிஎஸ்டி. ஹீட்டருக்கு 2022 ஜூலையில் 5-லிருந்து 12 ஆனது, 2025 செப்டம்பர் 22 முதல் மறுபடி 5. எல்லோரும் ‘விற்பனை கூடும்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். ஓசூர்க்காரர் வழியில் போனால் கதை வேறு. தொட்டிக்கு ஸ்டீல், சூடு காக்கும் பஃப் நுரை என 8,000 ரூபாய்க்கு வாங்கினால் 18 சதவீதம், 1,440 ரூபாய் வரி. டீலருக்கு 18,000-க்கு விற்றால் 5 சதவீதம், 900. குழாயைச் சேர்க்காமலே செட்டுக்கு 540 ரூபாய், கழிக்க முடியாத வரியாக கிரெடிட்டில் தேங்கும். 500 செட்டுக்கு 2.7 லட்சம். ரீஃபண்ட் உண்டு, ஆனால் வாங்கிய பொருளின் வரிக்குத்தான். கட்டட வாடகை, சர்வீஸ் மீது கட்டிய வரிக்குக் கிடையாது. முழு செட் இறக்கினால் 5 கட்டி 5 வசூலிப்பீர்கள், தேக்கம் இல்லை.

ஓசூர், தொட்டி தயாரிப்பவர்

உண்மைதான் சார், ரீஃபண்ட் வரும்வரை ஓவர்டிராஃப்ட் வட்டி எங்கள் தலையில். இருந்தாலும் கப்பல் வாடகை ஏறும் ஆண்டில் 540 ரூபாய் எனக்குப் பெரிதில்லை.

கோவை, புதிதாகத் தொடங்குபவர்

அப்படியென்றால் கப்பல் வாடகை, பிஐஎஸ், குழாயின் சுங்கக் குறியீடு, ஜிஎஸ்டி தேக்கம், வாரன்டிப் பொறுப்பு மட்டும் வைக்கிறேன். ரெப்போ வட்டி கால் சதவீதம் ஏறினாலும் இறங்கினாலும் என் ஆர்டர் மாறவில்லை, அடித்துவிட்டேன். மத்திய மானியமும் ஹீட்டருக்கு 2014-லேயே நின்றுவிட்டதே, அதையும் எடுத்துவிடலாமா?

பெங்களூரு, டீலர்

எடுக்காதீங்க மேடம். ஹீட்டருக்கு இல்லாத மானியம் பக்கத்துப் பொருளுக்கு இருக்கிறது. 2024-இல் வந்த சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் பேனலுக்கு 78,000 ரூபாய் தருகிறார்கள். அதே மொட்டை மாடி. வாடிக்கையாளர் பேனல் போட்டு கீசர் ஓட்டிக்கொள்கிறேன் என்கிறார். இங்கே புது வீட்டு மின் இணைப்புக்கு சோலார் ஹீட்டர் கேட்கும் விதி இருப்பதால் எனக்கு ஓடுகிறது. கோவையில் எதை நம்பி விற்பீர்கள்?

ஓசூர், தொட்டி தயாரிப்பவர்

மூணு கிலோவாட் போட்டவர் காலை ஆறு மணிக்கு கீசர் போட்டால் கிரிட்டிலிருந்துதானே எடுக்கிறார்?

பெங்களூரு, டீலர்

நெட் மீட்டர் இருந்தால் பில்லில் அது கழிந்துவிடுகிறதே. ஊட்டி ஹோட்டல்கள் பேனலுக்குப் போகாது என்று நினைக்கிறேன், அங்கே தண்ணீர்த் தேவை அதிகம். வீடுகளைப் பற்றி எனக்கு நிச்சயமில்லை. நீலகிரியில் விற்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.